ஓட்டம் நின்ற பிறகு ஏறும் நாடித்துடிப்பு

கேள்வி: எனக்கு வயது 43. சேலம் குகையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். நான்கு மாதமாக காந்தி ஸ்டேடியத்தில் 30 நொடி வேக ஓட்டம், 90 நொடி நடை என்று ஆறு சுற்று செய்கிறேன். உயிரைக் கொடுத்து ஓடும்போது கைக்கடிகாரம் 120, 130 என்றுதான் காட்டுகிறது. நின்ற பிறகுதான் 150-ஐத் தாண்டுகிறது. இதயம் ஈடுகொடுக்காததன் அறிகுறி இது என்று இணையத்தில் படித்தேன். ஆறாவது சுற்றில் 170 வந்ததால் அம்மாவின் அட்டினோலால் மாத்திரையை இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன், நன்றாகக் குறைந்தது. ஒருநாள் ஓடத் தொடங்கியதுமே 184 காட்டியது. சட்டென்று நின்றால் தலை சுற்றும். ஞாயிறுகளில் அடிவாரத்திலிருந்து ஏற்காடு சாலையில் வேகமாக ஏறினால் ஐந்தாறு நிமிடத்தில் இடது தாடை இழுக்கிறது, நின்றால் போய்விடுகிறது. கடைவாய்ப் பல் என்று நினைக்கிறேன். அண்ணன் 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். எனக்கும் அப்படி ஆகிவிடுமா? வரைபடங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: சொத்தைப் பல்லுக்கு மேடும் சமதளமும் தெரியாது. மேடு ஏறும்போது வந்து, நின்ற சில நிமிடங்களில் விலகிவிடும் தாடை இழுப்பை, வேறு காரணம் உறுதியாகும் வரை இதயத்திலிருந்து வருவதாகவே நாங்கள் எடுத்துக்கொள்வோம். இதயத் தசைக்கு இரத்தம் போதாதபோது வலி மார்பின் நடுவில்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தாடை, தொண்டை, தோள், இடது கை, மேல்வயிறு என்று எங்கு வேண்டுமானாலும் அது தலைகாட்டும். உடன்பிறந்த அண்ணனுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருப்பதால் உங்கள் விஷயத்தில் காத்திருக்க இடமில்லை. இந்த வாரத்திலேயே இதயநோய் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அதுவரை ஸ்டேடியமும் வேண்டாம், மலைச்சாலையும் வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த இழுப்பு வந்தாலோ, ஓய்வெடுத்தும் விலகாமல் நின்றாலோ, வியர்வையோ மூச்சுத் திணறலோ கூடச் சேர்ந்தாலோ, பைக்கை எடுக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். நான்கு மாதமாக நீங்கள் எந்த இடத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தீர்களோ, அந்த இடம் இருக்க வேண்டியபடியே இருக்கிறது. மாத்திரை போடாத நாளின் படத்தை அச்செடுத்து, முதல் சுற்றில் நீங்கள் ஓடத் தொடங்கிய நொடியிலும் நின்ற நொடியிலும் பென்சிலால் இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டேன். முதல் கோட்டில் துடிப்பு 94. பத்தாவது நொடியில் 112. முப்பதாவது நொடியில், அதாவது இரண்டாவது கோட்டில், 139. உச்சமான 151 அந்தக் கோட்டுக்கு வெளியே, நீங்கள் நடக்க ஆரம்பித்து 14 நொடிகள் கழித்து வருகிறது. வேக ஓட்ட வரைபடத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சிகரம் இருக்கும் இடத்தில்தான் உழைப்பும் உச்சத்தில் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உழைப்பு அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே முடிந்துவிட்டது. சிகரம் என்பது அதற்கான கணக்கு எழுதப்பட்ட நேரம் மட்டுமே.

நீங்கள் கடைக்காரர் என்பதால் கடை வழக்கிலேயே சொல்கிறேன். திடீரென்று ஒரு பெரிய தொகை கொடுக்க வேண்டியிருந்தால் கல்லாவில் இருப்பதை எடுப்பீர்கள், போதாததற்குப் பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்குவீர்கள், வங்கிக்கு அப்புறம்தான் போவீர்கள். வேக ஓட்டத்தின் முதல் சில நொடிகளில் தொடைத் தசை செலவழிப்பது தனக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டை. அது கரையக் கரைய, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து லாக்டேட்டாக்கும் வழி பெரும்பங்கைச் சுமக்கிறது. இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனின் பங்கு மெல்ல மெல்லத்தான் கூடுகிறது. முப்பதாவது நொடியில் நீங்கள் நின்றுவிட்டாலும் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மூச்சும் துடிப்பும் உடனே தணியாததற்கு அந்தப் பாக்கியும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நரம்புகளில் இருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது வேகஸ் நரம்பு இதயத்தைக் கடிவாளம் போல இழுத்துப் பிடித்திருக்கிறது. கால் எடுத்து வைத்ததும் அந்தப் பிடி தளர்வதால் முதல் சில நொடிகளில் துடிப்பு சட்டென்று ஒரு படி ஏறும். அதற்கு மேல் ஏற்றுவது சிம்பதெடிக் நரம்புகளின் வேலை. அவை நோரட்ரினலினைச் சுரந்து, அது இதயத்தின் துடிப்பு முடிச்சில் வேலைசெய்து முழு விளைவைக் காட்டப் பத்து நொடிகளில் முடியாது, அரை நிமிடமும் அதற்கு மேலும் பிடிக்கும். நீங்கள் ஓடுவதே அரை நிமிடம்தான் என்பதால், அந்த இரண்டாவது ஏற்றம் முழுமையடையும்போது நீங்கள் நடந்துகொண்டிருக்கிறீர்கள்.

இதற்குச் சான்றை, அறியாமலேயே, நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். அட்டினோலால் தடுப்பது அந்த இரண்டாவது வழியை. மாத்திரை போட்ட நாளின் முதல் சுற்று 72-இல் தொடங்கி, பத்தாவது நொடியில் 88, முப்பதாவது நொடியில் 103, நின்ற பிறகு உச்சம் 108. முதல் பத்து நொடிகளின் ஏற்றத்தை ஒப்பிட்டால் மாத்திரை இல்லாமல் 18, மாத்திரையோடு 16, ஏறக்குறைய ஒன்றுதான். அடுத்த இருபது நொடிகளில் 27 ஆக இருந்த ஏற்றம் 15 ஆகச் சுருங்கிவிட்டது. கைக்கடிகாரத்தின் இரண்டு நாள் பதிவை வைத்து ஆராய்ச்சி முடிவு எழுத முடியாதுதான். ஆனாலும் பாடத்தில் படிப்பது இப்படியே இருக்கும். எனவே “நன்றாகக் குறைந்தது” என்று நீங்கள் எழுதியதற்குப் பொருள், எதுவும் சரியானது என்பதல்ல, ஓடும்போது இதயத்துக்கு வரும் கட்டளையை நீங்கள் மறித்தீர்கள் என்பது. அம்மாவுக்கு அளந்து கொடுத்த மாத்திரையை மகன் எடுத்து விழுங்குவதை நான் வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். உங்களுக்கு ஆஸ்துமா இருந்திருந்தால் அந்த இரண்டு நாட்களே போதுமான ஆபத்தாக இருந்திருக்கும்.

தாமதத்தில் ஒரு பகுதி கடிகாரத்துடையது. மணிக்கட்டுக் கருவி பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை எண்ணி, சில நொடிகளின் சராசரியைத்தான் திரையில் காட்டுகிறது. மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிப்பதால் அதில் தாமதம் குறையும், ஆனால் மறையாது. மீதி உடம்பின் தாமதம். அந்த 184-உம் கடிகாரத்தின் வேலைதான். படத்தில் அது மூன்று நொடிகளில் சுவர் போல எழுந்து, நீங்கள் நின்ற கணமே சுவர் போல விழுகிறது. உண்மையான துடிப்பு நின்ற கணத்தில் விழாது, இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டுத்தான் இறங்கும் என்பதை மற்ற சுற்றுகளில் பார்த்தோம். ஓட்டத்தோடு தொடங்கி ஓட்டத்தோடு முடிந்த அந்த எண், கை வீச்சையும் காலடியையும் கருவி துடிப்பென்று எண்ணியதால் வந்தது. ஓடாமல் இருக்கும்போது இப்படி ஒரு சுவர் எழுந்து, நெஞ்சு படபடப்பதை நீங்களும் உணர்ந்தால் அது வேறு கதை, அப்போது இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

ஆறாவது சுற்றின் 170-க்கு வருவோம். அந்தச் சுற்றை நீங்கள் 94-இல் அல்ல, 129-இல் தொடங்கியிருக்கிறீர்கள். 90 நொடி நடையில் முந்தைய சுற்றின் பாக்கி தீர்வதில்லை; அதோடு உடம்புச் சூடும் வியர்வையும் சேர, அடித்தளம் சுற்றுக்குச் சுற்று உயர்கிறது. உச்சத்திலிருந்து ஒரு நிமிடத்தில் அது 139-க்கு இறங்கியிருப்பதை நீங்கள் கவனிக்கவேயில்லை; 31 இறங்கியிருக்கிறது. முதல் நிமிடத்தில் 12-க்கு மேல் இறங்காத துடிப்பைத்தான் நாங்கள் கூர்ந்து பார்ப்போம். துடிப்பின் உச்ச வரம்பைக் காண 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு வெறும் சராசரி. பத்து பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம். சட்டென்று நின்றால் தலை சுற்றுவது, காலில் இறங்கிய இரத்தத்தை மேலேற்ற கெண்டைக்கால் தசை அசையாததால் வருவது. நிற்காமல் நடந்தால் வராது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருண்டால் மட்டும் எனக்கு எழுதாதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

படம் ஒழுங்காக இருப்பதை வைத்து இதயக் குழாய்கள் ஒழுங்காக இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துடிப்பு எண்ணிக்கை நரம்பும் துடிப்பு முடிச்சும் சேர்ந்து எழுதும் கணக்கு. இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் சுருங்கியிருந்தாலும் அந்தக் கணக்கு அழகாகவே வரக்கூடும். ஸ்டேடியத்தில் வலி வராமல் மலைச்சாலையில் மட்டும் வருவதற்கும் இந்தத் தாமதமே ஒரு காரணமாக இருக்கலாம். 30 நொடி ஓட்டத்தில் துடிப்பு உச்சத்தைத் தொடும்போது நீங்கள் ஏற்கெனவே நின்றுவிட்டீர்கள். இதயம் அந்தச் சுமையில் இருப்பது கொஞ்ச நேரம்தான். ஏற்காடு மேட்டில் ஐந்தாறு நிமிடம் விடாமல் ஏறும்போது துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்த நிலையிலேயே நிற்கின்றன, இதயத் தசையின் ஆக்சிஜன் தேவையும் உயர்ந்தே நிற்கிறது. குழாயில் குறை இருந்தால் அது அங்கேதான் வெளிப்படும். உங்கள் ஆறு படங்களையும்விட அந்த ஒரு மேடு எனக்கு அதிகம் சொல்கிறது.

மருத்துவரிடம் போகும்போது, தாடை எத்தனை நிமிடத்தில் இழுக்கிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது, முன்பைவிடக் குறைந்த உழைப்பிலேயே வருகிறதா என்ற மூன்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். படுத்தபடி எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்து திரும்பிவிடாதீர்கள். உழைப்பில் மட்டும் வரும் குறை ஓய்வில் எடுத்த தாளில் தெரியாமல் போகலாம். எக்கோ, டிரெட்மில், சி.டி. ஆஞ்சியோகிராம் இவற்றில் எது தேவை என்பதை அவர் முடிவு செய்யட்டும். பரிசோதனைக் கூடத்தின் தள்ளுபடித் திட்டத்தில் நீங்களாகப் போய் டிரெட்மில்லில் ஏறாதீர்கள். அம்மாவின் மாத்திரையை எந்தெந்தத் தேதியில் போட்டீர்கள் என்பதை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது டிரெட்மில்லில் துடிப்பு போதுமான அளவுக்கு ஏறாது. ஏறாத துடிப்பை வைத்துக் குழாய் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.