டிராயிங் வரும் முன்பே எர்லி வார்னிங் கொடுக்கலாமா?

"என்இசி4 ஒப்பந்தம். இரண்டாம் மாடி ஸ்லாபுக்குக் கம்பி வெட்டப் போகிறோம், டிசைனர் டக்ட் ஓபனிங்கை மாற்றப்போவதாகச் சொல்கிறார். ரிவைஸ்டு டிராயிங் வரவில்லை. செலவு தெரிந்தபின் எர்லி வார்னிங் கொடுத்தால் போதுமா?"

காத்திருக்காதீர்கள், இன்றே அனுப்புங்கள். செலவோ நாளோ கூடலாம் என்று தெரிந்தாலே போதும், உடனே தெரிவிக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தின் பிரிவு 15.1. தொகை கேட்கவே இல்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "இரண்டாம் மாடி ஸ்லாபில் டக்ட் ஓபனிங் மாறும் என்று டிசைனர் வாய்மொழியாகச் சொன்னார். வியாழக்கிழமை கம்பி வெட்டத் தொடங்குகிறோம். அதற்குள் முடிவு வராவிட்டால் வெட்டிய கம்பி வீணாகலாம், கான்கிரீட் தள்ளிப்போகலாம்." முடிவு வேண்டிய நாள்தான் இதில் உயிர்நாடி, பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கொடுக்காவிட்டால்? அனுபவமுள்ள கான்ட்ராக்டர் முன்பே எச்சரித்திருக்க முடியும் என்று புராஜெக்ட் மேனேஜர் கொட்டேஷன் கேட்கும்போதே குறிப்பிட்டுவிட்டால், பிரிவு 63.7-இன்படி நீங்கள் எச்சரித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ அந்தக் கணக்கில்தான் மதிப்பீடு நடக்கும். அதாவது வெட்டாமல் நிறுத்தியிருக்கக்கூடிய கம்பியின் செலவு உங்கள் தலையில்.

அப்புறம், எர்லி வார்னிங் என்பது கிளெய்ம் இல்லை. மாற்றத்துக்கான உத்தரவு வந்ததும் காம்பன்சேஷன் ஈவென்ட் தனி நோட்டீஸாக வர வேண்டும். உத்தரவோடு புராஜெக்ட் மேனேஜரே அதைத் தர வேண்டும், தராவிட்டால் நீங்கள் அனுப்புங்கள்.