இரு கிளை, ஒரே ஸ்டாக்: சிங்க் ஆனபிறகும் தப்பான எண்

"ஸ்டாக் 10. ஒரு கிளையில் 3, இன்னொன்றில் 2 விற்றது. சிங்க் முடிந்தும் இரண்டிலும் 8 காட்டுகிறது, ஏன்?"

கிளைகள் மீதியை அனுப்புகின்றன. விற்றதை அனுப்ப வையுங்கள்.

முதல் கிளை 7 என்று எழுதியது. அது வந்து சேருமுன் இரண்டாவது கிளை தன் பழைய 10-ல் 2 கழித்து 8 என்று எழுதிவிட்டது. கடைசியாக எழுதியதே நிற்கும் என்பதால் 7 அழிந்தது. ஈவென்சுவல் கன்சிஸ்டன்சி இரு பக்கமும் ஒரே எண் வரும் என்றுதான் சொல்கிறது, சரியான எண் வரும் என்றல்ல. நானும் இதில் சறுக்கியவன்தான்.

சிங்க் மெசேஜ் ஒன்றைத் திறந்து பாருங்கள். `stock: 8` என்றிருந்தால் கோளாறு இதுவே. `-3`, `-2` என்று போனால் எது முந்தினாலும் 5 வரும். ஒவ்வொரு விற்பனைக்கும் தனி ஐடி கொடுத்து, ஏற்கெனவே வந்த ஐடி மறுபடி வந்தால் கழிக்காமல் விடுங்கள்; இல்லையென்றால் நெட் விட்டுவிட்டு மறுபடி அனுப்பும்போது இரண்டு தடவை கழியும்.

ஒன்று மட்டும்: கடைசிப் பொருளை இரு கிளையும் ஒரே நேரத்தில் விற்றால் ஸ்டாக் -1 ஆகும். அதை இது தடுக்காது. கிளைக்கு இத்தனை என்று முன்பே பிரித்துக் கொடுக்க வேண்டியதுதான்.