வாழ்த்துச் செய்தி பழைய வாடிக்கையாளருக்குப் போகவில்லையா?

“வாட்ஸ்அப் பிசினஸில் கேக் கேட்டலாக் போட்டுவிட்டேன். புதியவர்களுக்குத் தானாகப் பதில் போகிறது. போன வாரம் வாங்கியவர் மறுபடி கேட்டால் போகவில்லை. பாம்பனில் இருக்கிறேன்.”

வணக்கம் சகோதரி. நீங்கள் அமைத்திருப்பது Greeting message. அது முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மீண்டும் எழுதுபவருக்கும் மட்டுமே போகும். போன வாரம் வாங்கியவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

உங்களுக்கு வேண்டியது, நீங்கள் பதில் எழுத முடியாத நேரத்தில் தானாகப் போகும் Away message. அதில் Outside of business hours என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் Business hours பகுதியில் நீங்கள் அடுப்பருகில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து எழுதிவிட்டால், அந்த நேரத்தில் பதில் போகாது. கீழக்கரையில் கேக்கும் தொதலும் செய்து விற்கும் நான் முதலில் காலை 9 முதல் இரவு 8 வரை என்று எழுதி, தொதல் கிண்டும்போது வந்த ஆர்டர்களை இழந்தேன். இப்போது உண்மையில் பதில் எழுதக்கூடிய மாலை 4 முதல் 8 வரை மட்டுமே வைத்திருக்கிறேன். செய்தியும் இவ்வளவுதான்: “அடுப்பு வேலையில் இருக்கிறோம். எந்தக் கேக், எத்தனை கிலோ, எந்தத் தேதி என்று எழுதுங்கள். மாலை 4 மணிக்குப் பின் உறுதி செய்கிறோம்.”

போனில் இணைய இணைப்பு இருந்தால்தான் இது போகும்; ஆகவே டேட்டாவை அணைத்துவிடாதீர்கள், சிக்னல் நிலையாகக் கிடைக்கும் இடத்தில் போனை வையுங்கள்.

கேட்டலாக்கில் அரைக் கிலோவையும் ஒரு கிலோவையும் தனித்தனிப் பொருளாகப் போட்டால் விலைக் குழப்பம் வராது. அன்று செய்ய முடியாததை மறைத்து வையுங்கள். வேறொரு எண்ணிலிருந்து, வேலை நேரத்துக்கு வெளியே எழுதிச் சோதித்துப் பாருங்கள்.