முன்கூட்டியே தகவல் தெரிவிக்கவும்

அன்புள்ள ஐயா, வணக்கமுங்க.

எனக்கு ஊத்துக்குளிப் பக்கம். ரயில்வே கேட்டில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதன் வாசகம் இது:

"பொதுமக்கள் கவனத்திற்கு. தண்டவாளப் பராமரிப்புப் பணி நடைபெற இருப்பதால் இந்த ரயில்வே கேட் இன்று இரவு 10 மணி முதல் நாளை காலை 6 மணி வரை மூடப்படும். வாகன ஓட்டிகள் மாற்றுப் பாதையைப் பயன்படுத்தவும். அவசர ஊர்திகள் முன்கூட்டியே தகவல் தெரிவிக்கவும். கேட் மூடியிருக்கும்போது நடந்தோ, இருசக்கர வாகனத்தைச் சாய்த்துக்கொண்டோ கடந்து செல்ல அனுமதி இல்லை. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். சிரமத்திற்கு வருந்துகிறோம்."

இதை வரி வரியாக உடைத்து எழுதினேன். கடைசியில் 'அந்தப் பக்கம் அம்மா / இந்தப் பக்கம் நான்' என்று இரண்டு வரிகளைச் சேர்த்தேன். நண்பர்கள், 'இது காப்பி, அந்த இரண்டு வரிதான் உன்னுடையது' என்கிறார்கள். அச்சில் இருப்பதை வைத்துக் கவிதை செய்வது எப்படிங்க? அதில் என்னுடையது எது?

ஊத்துக்குளியிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த இரண்டு வரிகளை எடுத்துவிடுங்கள். உங்கள் அம்மா இந்த நோட்டீஸுக்குள் ஏற்கெனவே இருக்கிறார். 'அவசர ஊர்திகள் முன்கூட்டியே தகவல் தெரிவிக்கவும்' என்ற வாக்கியத்தை நிதானமாகப் படியுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மனுஷி அதை முன்கூட்டியே யாரிடம் தெரிவிப்பார்? இதை எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவது தெரிந்தால் ஏதாவது ஏற்பாடு செய்யலாம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அந்த வாக்கியம் அவர் நினைத்ததைவிட அதிகமாகச் சொல்லிவிட்டது. அச்சில் இருக்கிற சொற்களையே எடுத்துச் செய்கிற கண்டெடுத்த கவிதைக்கு வேண்டியது இப்படி ஒரு இடம்தான். அதன் பக்கத்தில் 'அம்மா' என்று நாமே எழுதி வைத்தால், வாசகர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நாம் விரல் நீட்டிக் காட்டிவிடுகிறோம்.

வரி உடைப்பது மட்டும் போதாது என்பதில் நண்பர்கள் சொல்வது சரி. உடைத்த பிறகும் அது நோட்டீஸ் சொன்னதையேதான் சொல்கிறது. எதை விடுகிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. சார்லஸ் ரெஸ்னிகாஃப் என்ற அமெரிக்கக் கவிஞர் சட்டம் படித்தவர். பழைய நீதிமன்ற வழக்குத் தொகுப்புகளில் சாட்சிகள் சொன்னதை எடுத்துச் சுருக்கிக் கவிதை வரிகளாக்கினார். சட்ட வாதங்களையும் தீர்ப்பையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். தீர்ப்பு போனதும், நடந்த சம்பவம் மட்டும் வாசகர் முன்னால் நிற்கிறது. விட்டதுதான் அவருடையது.

சரி, உங்கள் நோட்டீஸுக்கு வருவோம். படத்தைப் பார்த்து முழுவதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். பிறகு பென்சிலால், வைத்துக்கொள்ள வேண்டிய சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். வேண்டாததை அடிப்பதில் ஆரம்பித்தால் சலிப்பான சொற்கள் மட்டும் போகும். மிச்சம் இருப்பது சின்ன நோட்டீஸாகத்தான் இருக்கும். வட்டம் போடும்போதுதான் தூரத்தில் இருக்கிற இரண்டு சொற்கள் ஒன்றையொன்று கூப்பிடுவது தெரியும்.

விதி எனக்கு மூன்றுதான். வெளியிலிருந்து சொல் வரக்கூடாது. இருக்கிற வரிசை மாறக்கூடாது, தலைப்புக்கு மட்டும் விலக்கு. சொல்லின் விகுதியைத் தொடக்கூடாது. இந்த மூன்றாவது விதிதான் தமிழில் கையைக் கட்டிப்போடும். நம் சொற்கள் அடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. 'தண்டவாளப்' என்பதில் வட்டம் போட்டுவிட்டு 'பராமரிப்பு' என்பதை விட்டால், ஒரு ப் அந்தரத்தில் தொங்கும். அந்த ஒற்றை எடுத்தாலும் 'தண்டவாள' என்றுதான் மிஞ்சும். 'தண்டவாளம்' என்று ஆக்க ஒரு ம் சேர்க்க வேண்டும், அது நோட்டீஸில் இல்லை. 'அவசர' என்பதும் அப்படியே. தனியாக நிற்காது, 'அவசர ஊர்திகள்' என்றுதான் நிற்கும். சந்தி ஒற்றை மட்டும் தேவைப்பட்டால் எடுக்கவோ போடவோ செய்யலாம், ஏனென்றால் அது பக்கத்துச் சொல் இரவல் கொடுத்தது. வேற்றுமை உருபையும் வினையின் விகுதியையும் மாற்ற ஆரம்பித்தால், நீங்கள் எழுதுகிறீர்கள், கண்டெடுக்கவில்லை.

இப்போது நோட்டீஸில் வட்டம் போட வேண்டிய இடம். தமிழ் அறிவிப்புகளில் கட்டளைகள் பெரும்பாலும் 'வும்' போட்டு முடியும்: பயன்படுத்தவும், தெரிவிக்கவும், காத்திருக்கவும். கட்டளையை மரியாதையாகச் சொல்ல இதுதான் நமக்குப் பழக்கம். ஆனால் அதே 'வும்' இன்னொரு வேலையும் செய்யும். 'உட்காரவும் படுக்கவும் இடம் இல்லை' என்கிறோமே, அங்கே அது கட்டளை இல்லை, அடுக்கு. அதாவது 'வும்' போட்ட இரண்டு சொற்களுக்குக் கீழே ஒரு 'இல்லை' வந்துவிட்டால், மேலே இருந்த கட்டளைகள் இரண்டும் பின்னோக்கிப் போய் மறுப்பாக மாறிவிடும். உங்கள் நோட்டீஸில் 'பயன்படுத்தவும்' இருக்கிறது, 'தெரிவிக்கவும்' இருக்கிறது, கொஞ்சம் கீழே 'அனுமதி இல்லை' இருக்கிறது. நடுவில் இருப்பதை விட்டுவிட்டால் போதும்.

எனக்குக் கிடைத்தது இது:

அவசர ஊர்திகள்

இன்று இரவு
முதல்
நாளை காலை
வரை

பாதையைப்
பயன்படுத்தவும்
முன்கூட்டியே
தகவல் தெரிவிக்கவும்
அனுமதி இல்லை

வருந்துகிறோம்

படிக்கிறவர் 'பயன்படுத்தவும்' வரும்போது அதைக் கட்டளையாகத்தான் படிப்பார். 'தெரிவிக்கவும்' என்பதையும் அப்படியே. மூன்றாவதாக 'அனுமதி இல்லை' வந்ததும் அவர் திரும்பி மேலே போக வேண்டியிருக்கும். அந்தத் திரும்பல் நடக்க வேண்டுமென்றால் 'அனுமதி இல்லை' தனி வரியாக இருக்க வேண்டும், அதற்கு மேலே வெற்று வரி இருக்கவும் கூடாது. வெற்று வரி விட்டால் அது புது வாக்கியமாகிவிடும், 'வும்' கட்டளையாகவே நின்றுவிடும். சத்தமாகப் படித்துப் பாருங்கள். 'தெரிவிக்கவும்' என்ற இடத்தில் குரல் தானாக இறங்கினால் இடைவெளி அதிகம், வரியை ஒட்டி எழுதுங்கள்.

சில முடிவுகளுக்குக் காரணம் சொல்கிறேன். 'மாற்று' என்ற சொல்லை விட்டதால் மாற்றுப் பாதை போய், வெறும் பாதையே இல்லை என்றாகிறது. 'அவசர ஊர்திகள்' என்பது உள்ளேயே இருந்தால் 'தெரிவிக்கவும்' என்பதற்கு எழுவாய் கிடைத்து, அது மறுபடி கட்டளையாக இறுகிவிடும். அதனால் தலைப்புக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து அது கவிதை முழுவதற்கும் சைரன் மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். 10 மணி, 6 மணி இரண்டையும் எடுத்தேன். எண் இருந்தால் அது அந்த ஒரு ராத்திரியின் நோட்டீஸ்.

'சாய்த்துக்கொண்டோ' என்ற சொல்லை விடத்தான் எனக்கு மனசு வரவில்லை. மூடிய கேட்டுக்கு அடியில் வண்டியைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போகிற பனியன் கம்பெனி ஆட்களை அப்படியே பார்த்து எழுதிய சொல் அது. நோட்டீஸிலேயே உயிருள்ள சொல். ஆனால் அதை வைத்தால் கவிதை ஷிப்டுக்கு நேரமாகிறவர்களைப் பற்றியதாகிவிடும். அதுவும் நல்ல கவிதைதான், இதே தாளில் தனியாக இருக்கிறது. 'நடந்தோ', 'சாய்த்துக்கொண்டோ', 'கடந்து செல்ல' என்று அங்கிருந்து நீங்கள் ஆரம்பித்துப் பாருங்கள். ஒரே கவிதையில் இரண்டையும் போட்டால் இரண்டும் கெடும்.

'மீறுவோர் மீது நடவடிக்கை' என்பதை வேண்டுமென்றேதான் விட்டேன். அது இருந்தால் ரயில்வேக்காரர்கள் வில்லன் ஆகிவிடுவார்கள், படிக்கிறவருக்குச் சுலபமாகக் கோபம் வரும். இந்தக் கவிதையில் யாரும் வில்லன் இல்லை. தண்டவாளத்தைச் சரிபார்க்காமல் விட்டால் அதுவும் உயிர்ப் பிரச்சினை.

அப்புறம் அந்தக் கடைசிச் சொல். நோட்டீஸ் முழுக்க யார் பேசுகிறார் என்றே தெரியாது. 'மூடப்படும்', 'எடுக்கப்படும்' என்று எல்லாம் ஆளில்லாத வினைகள். முடிவில் 'வருந்துகிறோம்' என்ற ஒரு சொல்லில் மட்டும் மனிதர்கள் தலைகாட்டுகிறார்கள். 'சிரமத்திற்கு' என்பது முன்னால் இருக்கும்வரை அது அலுவலகச் சம்பிரதாயம். அதை எடுத்துவிட்டால், எதற்கு வருந்துகிறார்கள் என்று தெரியாது, யார் என்பதும் தெரியாது. கேட்டைப் போட்டவர்களாக இருக்கலாம், கேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களாகவும் இருக்கலாம். எந்த அறிவிப்பை எடுத்தாலும் இப்படி ஆள் தெரிகிற சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அதன் முன்னால் இருப்பதை எடுத்துப் பாருங்கள்.

கீழே 'ரயில்வே கேட் அறிவிப்பிலிருந்து, ஊத்துக்குளி' என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள். முடிந்தால் நோட்டீஸையும் முழுதாகக் கொடுங்கள். காப்பி என்று சொல்கிற நண்பரிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். கவிதை நோட்டீஸ் சொன்னதையே சொன்னால் அவர் சொன்னது சரி. நோட்டீஸை மறைத்துவிட்டாலும் கவிதைக்கு ஒன்றும் குறையவில்லை என்றால், அதுவும் தோல்விதான். சொந்தக் கவிதையை இரவல் சொல்லில் எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து மருந்துத் தாளை எடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். அங்கே 'வும்' செய்கிற வேலையை 'லாம்' செய்யும். 'மயக்கம் வரலாம்' என்றால் வரக்கூடும் என்பது மருந்துக் கம்பெனியின் எச்சரிக்கை. வா என்று கதவைத் திறந்துவிடுகிற அனுமதியும் அதே சொல்தான். 'தூக்கம் வரலாம்' என்பதைத் தனியாக ஒரு வரியில் வைத்துப் பாருங்கள். ஆனால் மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழாக்கினால் சொற்கள் உங்களுடையவை ஆகிவிடும், கண்டெடுத்தது என்று போடாதீர்கள். தமிழிலேயே அச்சான சீட்டோ உறையோ கிடைத்தால் எடுங்கள். அதிலும் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதை மட்டும் கவிதைக்குள் கொண்டுவர வேண்டாம். வாட்ஸப்பில் தலைப்பும் கீழ்க்குறிப்பும் உதிர்ந்து போய் நடு வரிகள் மட்டும் சுற்றும், யாராவது ஒருவர் அதைப் பார்த்து மாத்திரை போட்டுவிடக் கூடும்.