‘இதை மேப்பில் போடு’: வெறும் எண்கள் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: கிணறுகளின் பட்டியல் என்று வாட்ஸ்அப்பில் நாலு வரி வந்தது. “இதை மேப்பில் போடு” என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை இல்லை. QGIS-இல் போட்டால் புள்ளிகள் நார்வேக்கு வடக்கே போய் உட்காருகின்றன!

```
10.4713, 79.0816
10.5531, 79.1642
10.5745, 79.2308
10.5759, 79.2251
```

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. கூகுள் மேப்பில் அட்சரேகை முதலில் வரும். QGIS-இல் `X field` என்பது தீர்க்கரேகை, `Y field` அட்சரேகை. முதல் பத்தியை X-இல் கொடுத்திருப்பீர்கள். தமிழ்நாட்டுப் புள்ளிகளை மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டித்தான் விழும். நம் எண்கள் இரண்டுமே 90-க்குள் இருப்பதால் மென்பொருளும் சத்தம் போடாது. சத்தம் போடாத தப்பு என்பதால்தான் போட்டவுடன் பின்னணி வரைபடத்தோடு பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? நம் மாநிலம் 8 முதல் 13 வரை, 76 முதல் 80 வரை. சின்ன எண் அட்சரேகை, பெரியது தீர்க்கரேகை. அனுப்பியவரிடம் கேட்கவே தேவையில்லை.

வரிசைக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் அலகு? 10.4713 என்பது தசம டிகிரியாக இருக்கலாம். 10 டிகிரி 47 நிமிடம் 13 விநாடியைப் புள்ளி வைத்துச் சேர்த்து எழுதியதாகவும் இருக்கலாம். களத்தில் இப்படி எழுதுபவர்கள் நிறையப் பேர்.

பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ள நாலு இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்தால் 47, 13, 08, 16, 55, 31, இப்படி ஒன்றுகூட 59-ஐத் தாண்டவில்லை. தசம டிகிரி என்றால் எங்காவது ஒரு 73-ஓ 88-ஓ வந்திருக்க வேண்டும். நாலு வரியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, சந்தேகம் மட்டும்தான். நாற்பது வரியிலும் கடைசி இரண்டு இலக்கம் 60-ஐத் தொடவில்லை என்றால் எனக்குச் சந்தேகமே இருக்காது.

முதல் வரியை மாற்றினால்:

```
10 + 47/60 + 13/3600 = 10.7869
79 + 8/60 + 16/3600 = 79.1378
```

இது தஞ்சாவூர் நகரம். அப்படியே தசமமாக எடுத்தால் கறம்பக்குடிப் பக்கம், சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே. இரண்டுமே கிணறு இருக்கக்கூடிய இடங்கள் என்பதுதான் சிக்கல். ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும். “எந்த அலகு?” என்று கேட்காதீர்கள், அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம். “முதல் கிணறு தஞ்சாவூரிலா, கறம்பக்குடிப் பக்கமா?” என்று கேளுங்கள். ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடும்.

கேள்வி: என் போனில் ஜிபிஎஸ் நாலு மீட்டர் துல்லியம் என்று காட்டுகிறதே. அப்புறம் எப்படி 35 கிலோமீட்டர் தப்பும்?

போன் தப்பவில்லை. அது காட்டியதை எழுதியவிதமும் நாம் படித்தவிதமும்தான் பேச்சு.

கேள்வி: எங்களுக்கு வந்த பட்டியலில் டிகிரியே இல்லை. 296380, 1193040 என்று இருக்கிறது. இதுவும் தஞ்சாவூர்தான் என்கிறார்கள்.

அது UTM, உலகை ஆறாறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்துப் போடும் மீட்டர் கணக்கு. ஆறு இலக்கம் கிழக்கு, ஏழு இலக்கம் வடக்கு. தஞ்சாவூர் 44-ஆம் மண்டலத்தில் வருவதால் `EPSG:32644` கொடுங்கள். தவறிப்போய் 43 கொடுத்தால் இதே எண் சரியாக ஆறு டிகிரி மேற்கே, லட்சத்தீவுப் பக்கம் கடலில் விழும். மண்டல எல்லையான 78 டிகிரி திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது. கோவையும் தஞ்சையும் ஒரே பட்டியலில் கலந்திருந்தால் வரிக்கு வரி மண்டலம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அளவுகோல் என்ன வைப்பது? A4-இல் அச்சடிக்க வேண்டும். வழக்கம்போல 1:50,000 போதாதா?

அந்த நாலு கிணறுகளும் தஞ்சாவூரில் தொடங்கிக் கும்பகோணம் வரை என்று உறுதியாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக 27 கிலோமீட்டர், தெற்கு வடக்காக 20-க்குச் சற்றுக் குறைவு. 1:50,000-இல் அகலம் மட்டும் 54 சென்டிமீட்டர் ஆகிவிடும். தாளைக் கிடையாக வைத்தால் ஓரம் போக சுமார் 25 சென்டிமீட்டர் கிடைக்கும். 1:1,00,000-க்கு 27 வேண்டும், கொஞ்சத்தில் தப்பிப்போகிறது. 1:1,25,000 வைத்தால் அகலம் சுமார் இருபத்தொன்றரை, உயரம் சுமார் பதினாறு. விளிம்பில் ஊர்ப்பெயர் எழுதவும் இடம் இருக்கும்.

கூடவே ஒரு அளவுக்கோடு வரைந்துவிடுங்கள். அச்சடிக்கும்போது யாராவது ‘தாளுக்குள் அடக்கு’ என்று சொடுக்கினால் 1:1,25,000 என்ற எழுத்து பொய்யாகிவிடும். கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் பொய்யாகாது.

கேள்வி: பழைய சர்வே வரைபடத்திலிருந்து படித்தெடுத்த எண்கள் என்றால்?

அவை எவரெஸ்ட் நீள்வட்ட அடிப்படையில் இருக்கும். ஜிபிஎஸ் தருவது WGS84. இங்கே நூறு மீட்டர் கணக்கில் விலகல் வரும். 1:1,25,000-இல் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், கண்ணுக்கு உறுத்தாது. கிணற்றடிக்கே நடந்து போக வேண்டும் என்றால் உறுத்தும். பட்டியலில் எது வரைபடத்திலிருந்து எடுத்தது, எது ஜிபிஎஸ்ஸில் எடுத்தது என்று எண்களை மட்டும் பார்த்துப் பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.