கம்பெனிகள் இணையும்போது சொல்லப்படும் சினர்ஜி

“ரெண்டு கம்பெனி சேர்ந்தா சினர்ஜி வரும்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?”

தனித்தனியாக இருந்தால் கிடைக்காத, சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும் கூடுதல் லாபம். இரண்டு குடும்பங்கள் ஒரே சமையலறைக்கு மாறினால் கேஸ் செலவு குறைகிறதே, அது மாதிரி.

2018-இல் வோடஃபோன் இந்தியாவும் ஐடியாவும் இணைந்தன. ஆண்டுக்கு 14,000 கோடி ரூபாய் சினர்ஜி வரும் என்று கணக்குச் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி செலவுக் குறைப்பு. ஒரே தெருவில் இரண்டு டவருக்கு வாடகையும் கரண்ட் பில்லும் எதற்கு, ஒன்றை எடுத்துவிடலாம். இந்த மிச்சத்தை ஓரளவு நம்பலாம், ஏனென்றால் முடிவு கம்பெனியின் கையில் இருக்கிறது. வருமானமோ வாடிக்கையாளர் கையில். ஜியோவின் மலிவு விலைப் போட்டியில் அவர்கள் கோடிக்கணக்கில் விலகிப் போக, மிச்சம் பிடித்தது போதவில்லை.

அப்புறம், கம்பெனி பெரிதானாலே சினர்ஜி வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிதாவது வேறு, கூடுதல் லாபம் வேறு. அந்தக் கூடுதல் லாபத்திலும் இணைப்புக்கு ஆன செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான பலன்.