ஊர்த் தேர்தலுக்கு இங்கிருந்து பணம் அனுப்பலாமா?

"அண்ணா, எனக்குப் பெருமாநல்லூர் பக்கமுங்க. வேலை விசாவில் இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊரில் தாய்மாமன் எலெக்‌ஷனில் நிற்கிறார், பணம் கேட்கிறார். இங்கே நம்ம ஊர்க்காரர்கள் சேர்ந்து வசூல் பண்ணி அனுப்பலாம் என்கிறார்கள். அனுப்பலாமுங்களா? ஓட்டை இங்கிருந்தே போட முடியுமா? ஊருக்காக இந்த நாட்டு அரசாங்கத்திடம் நாம் ஏதாவது கேட்க வழி இருக்கா?"

தம்பி, அனுப்பலாமுங்க. ஆனால் நீங்கள் தனியாக அனுப்பலாம், கூட்டாக அனுப்பக் கூடாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்த இந்தியாவில் எஃப்சிஆர்ஏ என்று ஒரு சட்டம், 2010இல் வந்தது. வேட்பாளரோ கட்சியோ வெளிநாட்டுப் பணத்தைத் தொடக் கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமன்றம், நாடாளுமன்றம் மட்டுமல்ல, ஊராட்சி, நகராட்சித் தேர்தலும் அதில் அடங்கும். எது வெளிநாட்டுப் பணம்? பவுண்டில் சம்பாதித்தது என்பதால் அப்படி ஆகிவிடாது. கொடுப்பவர் யார் என்றுதான் சட்டம் பார்க்கிறது. உங்களிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். உங்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது இந்தியக் குடிமகனின் பணம், தடை இல்லை.

என் கதை வேறு. நான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நான் வெளிநாட்டுக்காரன்தான். உங்கள் மாமாவுக்கு நான் ஐநூறு பவுண்டு கொடுத்தால் அதை வாங்கியதற்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும். சொந்தக்காரர்களுக்கு விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்டுதான். ஆனால் அந்த விலக்கு பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று நெருங்கிய உறவோடு நின்றுவிடுகிறது. சீர் செய்யத் தாய்மாமன் இல்லாமல் நமக்கு ஒரு காரியம் நடக்காது, ஆனால் அந்தப் பட்டியலில் தாய்மாமன் இல்லை.

இப்போது வசூலுக்கு வருகிறேன். இருபது குடும்பம், ஆளுக்கு நூறு பவுண்டு, மொத்தம் இரண்டாயிரம் என்று வையுங்கள். இருபது பேருமே இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கலாம். தனித்தனியாக அனுப்பினால் ஒரு சிக்கலும் இல்லை. அதையே இங்குள்ள சங்கத்தின் கணக்கில் போட்டு, சங்கம் அனுப்பினால், அனுப்புவது வெளிநாட்டில் உருவான ஒரு அமைப்பு. அந்த இரண்டாயிரமும் அப்போதே வெளிநாட்டுப் பணம் ஆகிவிடும். இது தேர்தலுக்கு மட்டும் இல்லைங்க. எங்கள் பக்கத்தில் சிலர் ஊர்ப் பள்ளிக்கூடத்து அறக்கட்டளைக்கு இப்படித்தான் சேர்த்து அனுப்பினார்கள். ஊர் வங்கியில் எஃப்சிஆர்ஏ பதிவு எண் கேட்டார்கள், அறக்கட்டளையிடம் அது இல்லை, பணம் திரும்பி வந்தது. பதிவு இருந்தாலும் அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பேங்க்கின் முதன்மைக் கிளையில் இருக்கும் தனிக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுதான் விதி.

ஆகவே உங்கள் பெயரில் இருக்கும், வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கிலிருந்து, மாமா தேர்தலுக்கென்று திறந்திருக்கும் தனிக் கணக்குக்கே அனுப்புங்கள். பாஸ்போர்ட் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்து வையுங்கள், யாராவது கேட்டால் காட்ட உதவும். அது அவருடைய செலவுக் கணக்கில் சேரும். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதி என்றால் வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம். ஊரில் இருக்கும் பசங்களுக்கு ஜிபே போட்டு "நீங்களே ஃபிளெக்ஸ் அடிச்சிருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். வேட்பாளர் எழுத்தில் அனுமதி தராமல் அவருக்காக மற்றவர் செலவு செய்வதே குற்றம்.

ஓட்டு விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிருந்து போட முடியாது. படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம், பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியின் தொகுதியில் பெயர் ஏறும். ஆனால் அசல் பாஸ்போர்ட்டோடு அந்த வாக்குச்சாவடிக்கே நேரில் போக வேண்டும். நமக்குப் பதிலாக வேறொருவர் போடலாம் என்ற மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையைத் தாண்டாமலே காலாவதியாகிவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிந்திருந்தவர்கள் நாடு முழுக்க 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர், அதில் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள். வளைகுடாவிலிருந்து ஊர் வந்து போவது அவர்களுக்குப் பழகிய காரியம். நம் கொங்குப் பக்கத்து ஆட்கள் இதில் கணக்கிலேயே வரவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இந்த நாட்டில் உங்களுக்கு ஓட்டு இருக்கிறது! இந்தியா காமன்வெல்த் நாடு. செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கும் காமன்வெல்த் குடிமகன் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். குடியுரிமை வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். gov.uk/register-to-vote தளத்தில் பதியுங்கள், சாவடியில் இந்தியப் பாஸ்போர்ட்டே அடையாளத்துக்குப் போதும். அமெரிக்காவில் இருக்கும் நம் பசங்களுக்கு இது கிடையாது. எச்1பி வேலை விசாவில் இருப்பவர் அங்கே ஓட்டுப் போடவும் முடியாது, வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கவும் கூடாது.

அந்த ஓட்டை வைத்து என்ன செய்யலாம் என்பதை பஞ்சாபிகளிடம் பார்க்கலாம். வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தபோது இங்கே நாடாளுமன்ற இணையதளத்தில் ஒரு மனு போட்டார்கள். பத்தாயிரம் கையெழுத்து வந்தால் அரசு பதில் சொல்லும், ஒரு லட்சம் வந்தால் விவாதத்துக்கு எடுப்பதைப் பரிசீலிப்பார்கள். லட்சத்தைத் தாண்டியது. 2021 மார்ச் 8 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் விவாதம் நடந்தது. இந்தியத் தூதரகம் கண்டனம் தெரிவித்தது, டெல்லியில் பிரிட்டிஷ் தூதரைக் கூப்பிட்டு அதிருப்தியைச் சொன்னார்கள். ஆனால் இங்குள்ள அமைச்சரோ, வேளாண் சட்டம் இந்தியாவின் உள்விவகாரம் என்று முடித்துக்கொண்டார். அந்த நவம்பரில் சட்டங்கள் வாபஸ் ஆனது, குளிரிலும் வெயிலிலும் எல்லையில் உட்கார்ந்திருந்தவர்களால். இங்கே நடந்த விவாதம் அந்தப் பேச்சை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, அவ்வளவுதான் அதன் எல்லை.

உள்விவகாரம் என்று தட்டிக்கழிக்க முடியாத விஷயங்களில்தான் நம் பேச்சு எடுபடும், முக்கியமாக வணிகத்தில். திருப்பூர் பனியனுக்கு இந்த நாட்டில் 12 சதவீதம் வரை சுங்கவரி இருந்தது, பங்களாதேஷ் பனியனுக்கு வரியே இல்லை. நம் ஊர் கம்பெனிகள் ஆர்டரை இழந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். அந்த வரியை எடுக்கும் இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தத்துக்கு 2022 ஜனவரியில் பேச்சு தொடங்கி, 2025 ஜூலை 24இல்தான் கையெழுத்தானது. மூன்றரை வருடம் பேசிய ஒரு விஷயம், அதில் நேரடியாக லாபம் நம் மாவட்டத்துக்கு. அந்த நாட்களில் இங்குள்ள நம் கொங்கு மக்கள் எத்தனை பேர் தங்கள் எம்பியிடம் போய்ப் பேசியிருப்பார்கள்?

எம்பியைப் பார்ப்பது கஷ்டமே இல்லை. தொகுதி மக்களைச் சந்திக்க நாள் ஒதுக்குவார்கள், அதை 'சர்ஜரி' என்பார்கள். மின்னஞ்சலில் உங்கள் முகவரியை அஞ்சல் குறியீட்டோடு போட்டு நேரம் கேளுங்கள். தொகுதிக்காரர் இல்லை என்றால் பதில் வராது. ஒரே ஒரு விஷயத்தோடு போங்கள். லெஸ்டரும் துணி ஊர்தான், தையல் கம்பெனிகள் நிறைந்திருந்த ஊர், அங்கே திருப்பூர் கதை எளிதில் புரியும். அமைச்சருக்கு எழுதுங்கள் என்று கேளுங்கள், எம்பி எழுதினால் துறையிலிருந்து பதில் வரும். ஊரில் இருந்து எந்த அரசோ ஆளும் கட்சியோ சொல்லி நீங்கள் போகிறீர்கள் என்றால் மட்டும் கவனம், 2025 ஜூலையிலிருந்து அப்படிப்பட்ட வேலையைப் பதிவு செய்யச் சட்டம் இருக்கிறது. உங்கள் சொந்த விருப்பத்தில் போனால் அது உங்களுக்குப் பொருந்தாது. முதலில் ஓட்டைப் பதிந்துவிடுங்கள், சந்திப்பு கிடைத்ததும் சொல்லுங்கள், கொண்டுபோக வேண்டிய ஒரு பக்கக் குறிப்பைச் சேர்ந்து எழுதலாம்.